ஒரு பிளக்கில் இரண்டு பிளக்

கல்யாண வீடியோவை டிவிடியில் போட்டுக் கொடுத்த காலம் போய்விட்டது. "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடுத்துடுங்க, போட்டோ, வீடியோ எல்லாத்தையும் அதுலயே ஏத்தித் தந்துடுறேன்" என்கிறார் ஸ்டூடியோக்காரர். டிஸ்க் வீட்டுக்கு வருகிறது, ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பிறகு அது பீரோவுக்குள் போய்விடுகிறது. இரண்டு வருஷம் கழித்து வெளியூரிலிருந்து வந்த சித்தி கேட்கும்போது டிஸ்க் இருக்கிறது. அதோடு வந்த ஒரு முழ நீளக் கேபிளைத்தான் காணோம்.

வீட்டில் கேபிளுக்கா பஞ்சம்? இப்போதைய போனின் டைப்-சி கேபிளை எடுத்துச் செருகிப் பார்க்கிறார்கள். அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. மேசை இழுப்பறையைக் குடைந்து பழைய ஆண்ட்ராய்டு போனின் சார்ஜர் கேபிளை எடுக்கிறார்கள். அதுவோ துளையின் ஒரு பாதிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. மறுபாதி வெறுமனே திறந்து கிடக்கிறது. டிஸ்க்கில் விளக்கும் எரிகிறது. இது சரியா, தப்பா, டிஸ்க்குக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த அகலமான பிளக்கைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அது ஒரே துண்டு அல்ல. நடுவில் ஒரு பள்ளம். அதன் ஒரு பக்கம் பெரிய பாதி, மறுபக்கம் சின்ன பாதி. பெரிய பாதி வேறு ஒன்றுமில்லை, நாம் பல வருஷம் போன் சார்ஜ் செய்த அதே மைக்ரோ யூஎஸ்பிதான். அளவு, வடிவம், உள்ளே இருக்கும் ஐந்து தொடுமுனைகள் எல்லாம் அதேதான். சின்ன பாதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குள் தனியாக இன்னும் ஐந்து தொடுமுனைகள். ஆக மொத்தம் பத்து. பழைய மைக்ரோ பிளக்கின் அகலம் ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தச் சேர்க்கைக்குப் பிறகு அது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உயரம் மட்டும் மாறவில்லை, 1.8 மில்லிமீட்டர்தான்.

டைப்-சி ஏன் நுழையவில்லை என்பதும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. டைப்-சி பிளக் அகலத்தில் இதைவிடச் சிறியது, ஆனால் தடிமன் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். 1.8 மில்லிமீட்டர் பிளக்குக்காக வெட்டிய துளைக்குள் அது போக வழியே இல்லை. பழைய மைக்ரோ கேபிள் நுழைந்ததோ தற்செயல் அல்ல. நுழைய வேண்டும் என்றே அந்தத் துளையை அப்படி வடிவமைத்தார்கள். எதிர்த்திசையில் மட்டும் அது நடக்காது: ஹார்ட் டிஸ்க்கின் அகலப் பிளக்கைப் பழைய போனின் குறுகிய துளையில் செருக முடியாது. சின்ன பாதி போய் போனின் உடம்பில் முட்டிக்கொள்ளும்.

இப்படி ஒரு விநோதமான உருவம் எதற்கு வந்தது?

மைக்ரோ யூஎஸ்பி 2007-இல் அறிவிக்கப்பட்டது. 2009-இல் ஐரோப்பாவில் பெரிய போன் நிறுவனங்கள் சார்ஜருக்கு அதையே பொதுவாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. உலகம் முழுக்க அது பரவிக்கொண்டிருந்த அதே சமயத்தில், 2008 நவம்பரில், யூஎஸ்பியின் மூன்றாம் பதிப்பு வெளியானது. இரண்டாம் பதிப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். மூன்றாம் பதிப்புக்கு 5 கிகாபிட், அதாவது பத்து மடங்குக்கும் மேல்.

அந்த வேகத்தைப் பழைய கம்பிகளிலேயே ஓட்ட முடியாது. பழைய யூஎஸ்பியில் தகவலுக்கென்று இருப்பது ஒரே ஒரு கம்பி இணை. போவதும் வருவதும் அதில்தான். ஒற்றை வண்டி மட்டும் போகிற குறுகிய பாலம் மாதிரி, இந்தப் பக்கத்து வண்டி போகும்போது அந்தப் பக்கத்து வண்டி காத்திருக்க வேண்டும். மூன்றாம் பதிப்பை வடிவமைத்தவர்கள் அந்தப் பாலத்தை அகலப்படுத்த முயலவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டு புதிய இணைகளைச் சேர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தரைக் கம்பி. சின்ன பாதியில் இருக்கும் ஐந்து தொடுமுனைகளின் கணக்கு இதுதான்: அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு, தரைக்கு ஒன்று.

இந்த ஐந்தை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கலாகிப் போனது. கணினியில் இருக்கும் செவ்வக வடிவ பெரிய பிளக்கில் பிரச்சினை இல்லை. அதற்கு நல்ல ஆழம் உண்டு. பழைய நான்கு தொடுமுனைகள் ஓர் ஆழத்தில், புதிய ஐந்தும் வேறோர் ஆழத்தில் என்று வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உருவம் மாறவே இல்லை. வித்தியாசம் தெரியட்டும் என்று உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்குக்கு நீல நிறம் கொடுக்கப் பரிந்துரைத்தார்கள். மைக்ரோ பிளக்கில் அந்த வித்தை பலிக்காது. அத்தனை மெல்லிய, அத்தனை குட்டையான இடத்தில் இரண்டாவது வரிசைக்கு ஆழமும் இல்லை, உயரமும் இல்லை. பழைய கேபிளும் புதிய துளையில் வேலை செய்தாக வேண்டும் என்பதால் பழைய பாதியைத் தொடவும் கூடாது. மிச்சம் இருந்த ஒரே திசை பக்கவாட்டுதான். அழகைப் பார்த்தால் யாரும் இதை வரைந்திருக்க மாட்டார்கள். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனால் கடைசியில் இந்த உருவத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

போன்களிலும் இது ஒரு முறை எட்டிப் பார்த்தது. சாம்சங் 2013-இல் வெளியிட்ட கேலக்ஸி நோட் 3 போனின் அடியில் இருந்தது இதே அகலத் துளை. அடுத்த வருஷம் வந்த கேலக்ஸி எஸ்5 போனிலும் அதுவே. வாங்கியவர்களில் பலர் பழைய குறுகிய கேபிளையே பெரிய பாதியில் செருகி இரவெல்லாம் சார்ஜ் செய்துகொண்டிருந்தார்கள். போனும் ஒழுங்காக சார்ஜ் ஆனது. சார்ஜுக்கான மின்சாரம் வருவது பழைய பாதியில்தானே. சின்ன பாதியின் பலன் கணினிக்குக் கோப்புகளை மாற்றும்போது மட்டும்தான் தெரியும். அதை எத்தனை பேர் அன்றாடம் செய்தார்கள்? நோட் 4, எஸ்6 போன்களில் சாம்சங் மறுபடியும் குறுகிய மைக்ரோவுக்கே திரும்பிவிட்டது. போன் உலகம் கைவிட்ட அந்த அகலப் பிளக், ஹார்ட் டிஸ்க்கிடம் மட்டும் தங்கிவிட்டது. ஆக, ‘போன் கேபிள் ஏன் இதில் சேரவில்லை’ என்று கேட்பவருக்கு, இதுவே ஒரு காலத்தில் போன் கேபிளாகவும் இருந்தது என்பது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம்.

மறுபடியும் அந்தக் கல்யாண டிஸ்க்குக்கு வருவோம். பழைய சார்ஜர் கேபிள் பாதித் துளையில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு எரிகிறது. இதற்கு மேல் மூன்றில் ஒன்று நடக்கும்.

முதலாவது, டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கும், ஆனால் கணினியில் எதுவும் தெரியாது. விலை குறைந்த சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும்தான் இருக்கும். தகவல் கம்பிகளே கிடையாது. போனுக்கு அது போதும். டிஸ்க்கைக் கணினியால் பார்க்க முடியாது. இதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. கேபிளை மாற்றிப் பார்த்த பிறகு ஓடலாம்.

இரண்டாவது கொஞ்சம் கவலைப்பட வேண்டியது. டிஸ்க் சுழலத் தொடங்கும், டிக் என்று ஒரு சத்தம், நின்றுவிடும், மறுபடி சுழலும், மறுபடி டிக். இது மின்சாரம் போதாததன் அடையாளமாக இருக்கலாம். கையடக்க ஹார்ட் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. கணினி தரும் 5 வோல்ட்டை வைத்தே அது தன் தட்டுகளைச் சுழற்றியாக வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு அதற்குக் குறைந்த மின்சாரம் போதும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தச் சில வினாடிகளில் மட்டும் ஒரு ஆம்பியரை ஒட்டிக் கேட்கும். இரண்டாம் பதிப்பின் விதிப்படி ஒரு துளை தர வேண்டியது அரை ஆம்பியர். மூன்றாம் பதிப்பில் அது 0.9 ஆம்பியராக உயர்ந்தது. மூன்றாம் பதிப்பு வருவதற்கு முன்பு சில டிஸ்க்குகளோடு ஒரு முனையில் இரண்டு பிளக் உள்ள கேபிளைத் தந்தது இதனால்தான். ஒரு துளையில் கிடைக்காததை இரண்டு துளைகளிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

கணினி தாராளமாகக் கொடுத்தாலும் நடுவில் இருக்கும் கேபிள் அதைத் தின்றுவிடும். மலிவான சார்ஜர் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 ஓம் மின்தடை. ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்பி வர இரண்டு மீட்டர் கம்பி, அதாவது 0.4 ஓம். ஒரு ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிளம்பும்போது 5 வோல்ட், டிஸ்க்கைத் தொடும்போது 4.6. பிளக்கின் முனைகளில் தேய்மானமோ அழுக்கோ இருந்தால் இன்னும் கீழே. டிஸ்க்கோடு வந்த கேபிள் ஒரு முழ நீளத்தில் இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல. ‘டிக், டிக்’ கேட்டால் விட்டுப்பிடிப்போம் என்று காத்திருக்காமல் உடனே கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடுமாறினால் கோப்பு மட்டுமல்ல, டிஸ்க்கின் அடைவு முழுவதுமே குழம்பிவிடக்கூடும். சரியான கேபிளைப் போட்ட பிறகும் அதே சத்தம் கேட்டால் பழுது டிஸ்க்குக்குள் இருக்கிறது.

மூன்றாவதுதான் பெரும்பாலும் நடப்பது: எல்லாம் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆமை வேகத்தில். படம் திறக்கும், வீடியோ ஓடும். ஏதாவது நகலெடுக்கும்போதுதான் பிடிபடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்யாண வீடியோவும் படங்களும் சேர்ந்து 200 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். பழைய பாதி வழியே மட்டும் போனால், ஏட்டில் 480 மெகாபிட் என்று இருந்தாலும் கைக்கு வருவது வினாடிக்கு 35 எம்பி அளவுதான். 200 ஜிபி முடிய 5,700 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். அதே டிஸ்க்கை அகலப் பிளக் உள்ள கேபிளால் நீலத் துளையில் இணைத்தால் வினாடிக்கு 110 எம்பி வரை கிடைக்கும். அரை மணியில் வேலை முடிந்துவிடும். 5 கிகாபிட் என்றால் இன்னும் வேகமாக அல்லவா போக வேண்டும் என்று தோன்றலாம். போகாது. இங்கே தடை கேபிள் அல்ல, சுழலும் தட்டு. தட்டிலிருந்து முள் படிக்கிற வேகமே அவ்வளவுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தப் பழைய பிளக் இன்னும் நீடிப்பதற்கு இது முக்கியக் காரணம். 5 கிகாபிட்டே அதற்குத் தேவைக்கு மேல். விலை கூடிய துளையை வைத்தாலும் டிஸ்க்கின் வேகம் கூடப் போவதில்லை.

இந்த மூன்றாவது நிலைமை சரியான கேபிளிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அகலப் பிளக்கின் இரண்டு பாதிகளும் தனித்தனியாக வேலை செய்பவை. டிஸ்க்கை இணைத்ததும் கணினியும் அதுவும் முதலில் புதிய பாதை வழியே ஒன்றையொன்று தேடிப் பார்க்கும். அங்கே பதில் கிடைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் பழைய பாதைக்கு இறங்கிவிடும். ‘வேகம் குறைந்துவிட்டது’ என்று திரையில் அறிவிப்பு வராமலேயே இது நடந்துவிடும். துளை ஆடிப்போய் சின்ன பாதி மட்டும் சரியாகத் தொடாமல் இருந்தாலும், சின்ன பாதியின் கம்பி கேபிளுக்குள் அறுந்திருந்தாலும், டிஸ்க் ‘வேலை செய்துகொண்டுதான்’ இருக்கும். கணினிப் பக்கத்துப் பெரிய பிளக்கை மிக மெதுவாகச் செருகும்போதும் சில சமயம் இப்படி ஆகும். பழைய முனைகள் முந்திக்கொண்டு தொட்டுவிட, கணினி இதை இரண்டாம் பதிப்புச் சாதனம் என்று பதிவு செய்துகொள்ளும். கழற்றி, தயங்காமல் ஒரே அழுத்தில் செருகினால் சரியாகிவிடும்.

எந்தப் பாதையில் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸில் ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுத்துப் பார்த்தால் போதும். 30, 40 எம்பியைத் தாண்டாமல் ஒரே மட்டத்தில் நின்றுகொண்டிருந்தால் பழைய பாதை என்று சந்தேகிக்கலாம். சின்னச் சின்னப் படங்களை ஆயிரக்கணக்கில் நகலெடுத்து இதைச் சோதிக்கக் கூடாது. அவை எந்தக் கேபிளிலும் மெதுவாகத்தான் போகும். மேக் கணினியில் System Information பக்கத்தில் USB பகுதியைத் திறந்தால், டிஸ்க்கின் பெயருக்குக் கீழே வேகம் எழுதியிருக்கும். லினக்ஸில் ஒரே வரி:

```
lsusb -t
```

டிஸ்க் இருக்கும் வரியின் கடைசியில் 5000M என்று இருந்தால் புதிய பாதை, 480M என்றால் பழையது.

வேகமான பாதைக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுவதைச் சிலர் பார்த்திருப்பார்கள். மவுஸில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மாற்றியும் இருப்பார்கள். 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் சைகை, வயர்லெஸ் மவுஸும் வைஃபையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. நல்ல கேபிளில் ஒவ்வொரு இணைக்கும் தனித்தனி உலோக உறை போட்டு அந்த இரைச்சலை அடக்குவார்கள். அதனால்தான் அந்தக் கேபிள் போன் கேபிளைவிடத் தடிமனாக, வளைக்கக் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. மவுஸின் ரிசீவரைக் கணினியின் மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேபிள் தொலைந்தால் வாங்குவது கஷ்டமில்லை. கடையில் ‘மைக்ரோ கேபிள்’ என்று கேட்டால் குறுகியதைத்தான் எடுத்துப் போடுவார்கள். ‘ஹார்ட் டிஸ்க் கேபிள், 3.0’ என்று கேட்க வேண்டும். டிஸ்க்கையே கையில் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. மறுமுனை என்ன வேண்டும் என்பதை வீட்டுக் கணினியைப் பார்த்து முடிவு செய்யலாம். புதிய லேப்டாப்பில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறது என்றால், ஒரு முனை டைப்-சி, மறுமுனை அகல மைக்ரோ என்று இருக்கும் கேபிள் கிடைக்கிறது. யூஎஸ்பி விதிமுறையிலேயே இடம்பெற்ற கேபிள்தான் அது. டைப்-சியின் இருபத்து நான்கு தொடுமுனைகளுக்குள் இந்த இரண்டு பாதைகளும் இருக்கின்றன. கையில் இருக்கும் போன் கேபிளோடு சேர்த்து ஒட்டுப்போடும் குட்டி அடாப்டர்களை நம்புவதைவிட இது மேல். போன் பெட்டியில் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் வேகக் கம்பிகளே இல்லை. அடாப்டர் போட்டாலும் 480 மெகாபிட்தான் மிஞ்சும்.

கேபிள் போனால் போகட்டும், துளை போனால்தான் சங்கடம். அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் இந்தப் பிளக்கை ஒரு ஓரத்தில் இடித்தால்கூட நெம்புகிற விசை துளையின் ஈயப்பற்றுகளுக்குப் போகும். டிஸ்க்கை லேப்டாப்போடு இணைத்தபடியே தூக்கி நடப்பதும், மெத்தை மேல் கேபிளை மடக்கி வைப்பதும் வழக்கமாக இதில்தான் முடிகின்றன. முதல் அறிகுறி நாம் பார்த்ததுதான்: திடீரென்று வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிறகு கேபிளைத் தொட்டாலே டிஸ்க் திரையிலிருந்து மறைந்து மறைந்து வரும். அந்தக் கட்டத்தில், உள்ளே இருப்பவற்றை முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும். பிடிவாதமாக வேகப் பாதை அறுந்துகொண்டே இருந்தால், தகவல் கம்பி உள்ள குட்டையான பழைய மைக்ரோ கேபிளைப் பெரிய பாதியில் மட்டும் செருகி, மெதுவாகவேனும் எடுத்துவிடலாம். கல்யாண வீட்டார் இழுப்பறையில் தேடி எடுத்த கேபிள் உண்மையாகவே உதவும் இடம் அது.

துளை முழுக்க உடைந்துவிட்டால், பெட்டியைத் திறந்து பார்க்கும்போது இரண்டில் ஒன்று தெரியும். சில டிஸ்க்குகளில் அந்தத் துளை ஒரு சின்ன பலகையில் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது லேப்டாப்பில் போடும் சாதாரண சாட்டா டிஸ்க். வேறொரு பெட்டியில் போட்டு ஓட்டிவிடலாம். அப்போதும் சில மாடல்களில் தகவல்கள் அந்தப் பலகையாலேயே பூட்டப்பட்டிருக்கும் என்பதால், பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மற்ற சிலவற்றில் அந்த அகலத் துளையை டிஸ்க்கின் சொந்தப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். சாட்டா துளையே இருக்காது. அப்படியானால் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. போன் சார்ஜிங் துளையை மாற்றித் தரும் கடைக்காரரிடம் அந்தப் பத்து முனைகளையும் பற்றவைக்க முடியுமா என்று கேட்கலாம். உள்ளே இருப்பது வேறெங்கும் நகல் இல்லாத கல்யாண வீடியோ என்றால், தகவல் மீட்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோவதே உத்தமம்.